அடமானம் இல்லாத குழுக்கடன்: முதல் சந்தாவிலிருந்து கடைசித் தவணை வரை

நகையோ பட்டாவோ இல்லாத ஒரு குடும்பம் பத்தாயிரம் ரூபாய் கேட்டால் வங்கி தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கேட்பவர் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கமுள்ளவரா என்பது கிளை மேலாளருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக ஆள் அனுப்பி விசாரித்து, ஆவணம் எழுதி, மாதந்தோறும் சிறு தவணையை வசூலித்தால், அந்தச் செலவே கடனிலிருந்து வரும் வட்டியை விழுங்கிவிடும். இந்த இரண்டு சிக்கல்களையும் ஒரே அடியில் மூடுவதற்குத்தான் அடமானம் கேட்கிறார்கள். சுய உதவிக் குழு அதே சிக்கல்களை வேறு விதமாக அவிழ்க்கிறது. யார் எப்படிப்பட்டவர் என்பதை அடுத்த வீட்டுக்காரர் ஏற்கெனவே அறிவார். பன்னிரண்டு சிறு கடன்களை விசாரித்து வசூலிக்கும் வேலையைக் குழுவே செய்வதால், வங்கிக்கு ஒரே ஒரு கணக்கைப் பார்த்தால் போதும்.

இந்த முறை 1980களில் கர்நாடகத்தில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் அனுபவத்தில் உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்களோடு தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை ஒன்றுதான்: குழு முதலில் தன் சொந்தப் பணத்தைத் தன் உறுப்பினர்களுக்கே கடனாகக் கொடுத்து வாங்கிப் பழக வேண்டும், வங்கியின் பணம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். புதிதாகக் குழு தொடங்குபவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப் போக விரும்புவதும் இந்தப் படியைத்தான். எனவே இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

உறுப்பினர்களைச் சேர்த்தல்

ஒரு குழுவில் பொதுவாக 10 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். தமிழ்நாட்டில் 12 பேரிலிருந்து தொடங்குவது வழக்கம். ஒரே தெருவில் அல்லது ஒரே குடியிருப்பில் வசிப்பவர்களாகவும், ஏறத்தாழ ஒரே வசதி நிலையில் இருப்பவர்களாகவும் பார்த்துச் சேருங்கள். வசதியில் பெரிய இடைவெளி இருந்தால், வசதியானவர் சொல்வதே தீர்மானமாகிவிடும். அவர் தவணை தவறினாலும் கேட்பதற்கு யாருக்கும் துணிவு வராது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமே சேர வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால், அந்த வீட்டில் ஒரு நோய் வந்தவுடன் இரண்டு தவணைகள் ஒன்றாக நின்றுவிடும்.

வசதி நிலை ஒத்திருக்கலாம். ஆனால் எல்லோருடைய பிழைப்பும் ஒன்றாக இருப்பது நல்லதன்று. பன்னிரண்டு பேரும் ஒரே ஏரிப் பாசனத்து வயலில் கூலிக்குப் போகிறவர்கள் என்றால், ஏரி வற்றிய ஆண்டில் பன்னிரண்டு பேருக்குமே வருமானம் இருக்காது. அப்போது ஒருவர் தவணையை மற்றவர் தாங்கிக்கொள்வது இயலாத காரியம். மாடு வைத்திருப்பவர், பூக்கட்டி விற்பவர், தையல் வேலை செய்பவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எனக் கலந்திருக்கும் குழு ஒரு கெட்ட பருவத்தைக் கடந்துவிடும்.

முதல் கூட்டத்திலேயே சில விதிகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும்: எந்த நாளில், எந்த நேரத்தில் கூட்டம், சந்தா எவ்வளவு, குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனுக்கு வட்டி எவ்வளவு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். சந்தாத் தொகையைக் குழுவிலேயே மிகவும் நலிந்த உறுப்பினர் எந்த மாதத்திலும் கட்டக்கூடிய அளவில் வையுங்கள். பிறகு குழுவை வழிநடத்தும் ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்து, குழுவின் பெயரில் வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். கணக்கு தொடங்கும் கட்டத்தில் பொறுப்பாளர்களின் அடையாள ஆவணங்கள் இருந்தால் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லா உறுப்பினர்களின் ஆவணங்களும் உடனே வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், இந்த விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

முதல் ஆறு மாதங்கள்: சொந்தப் பணத்தில் பழகுதல்

பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா, உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். இந்த வட்டி பலருக்கு அதிகமாகத் தோன்றலாம். ஆனால் இது வெளியே யாருக்கும் போவதில்லை. குழுவின் பொது நிதியிலேயே சேர்கிறது. கட்டுகிறவர்களே அதன் உரிமையாளர்கள்.

முதல் மாதம் 2,400 ரூபாய் சேர்கிறது. இரண்டாம் மாதக் கூட்டத்தில் கையிருப்பு 4,800 ரூபாய் ஆகிறது. அன்றைக்கு மகனின் பள்ளிச் செலவுக்கு ஒருவர் 3,000 ரூபாயும், மருந்துக்காக இன்னொருவர் 1,500 ரூபாயும் கேட்கிறார்கள். முதலாமவர் ஐந்து தவணைகளிலும் இரண்டாமவர் மூன்று தவணைகளிலும் கட்டுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். பணம் கூட்டத்தின் நடுவிலேயே எண்ணிக் கொடுக்கப்படுகிறது. பெட்டியில் மிச்சம் 300 ரூபாய். மூன்றாம் மாதம் சந்தாவோடு முதலாமவர் 600 ரூபாய் தவணையும் 60 ரூபாய் வட்டியும், இரண்டாமவர் 500 ரூபாய் தவணையும் 30 ரூபாய் வட்டியும் கட்ட, கையிருப்பு 3,890 ரூபாயாகிறது. அதிலிருந்து மூன்றாவது ஒருவருக்கு 3,500 ரூபாய் போகிறது. நான்காம் மாதம் 4,500, ஐந்தாம் மாதம் 5,000 என்று மேலும் இருவருக்குக் கொடுக்கிறார்கள்; மூவருமே ஐந்து தவணைக்காரர்கள்.

ஆறாம் மாத வசூல் முடிந்ததும் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சந்தாவாகச் சேர்ந்தது 14,400 ரூபாய், வட்டியாகச் சேர்ந்தது 658 ரூபாய், ஆக மொத்த நிதி 15,058 ரூபாய். அதில் 8,700 ரூபாய் நான்கு உறுப்பினர்களிடம் கடனாக நிற்கிறது; 6,358 ரூபாய் கையில் இருக்கிறது. இதுவரை கொடுத்த கடனின் மொத்தமோ 17,500 ரூபாய். சேர்த்ததைவிடக் கொடுத்தது அதிகமாக இருப்பதற்குக் காரணம், கட்டிய ஒவ்வொரு தவணையும் அன்றைக்கே அடுத்தவர் கைக்குப் போய்விட்டதுதான்.

திருப்பிச் செலுத்துதல் இந்த முறையில் ஏன் நிகழ்கிறது என்பதற்கு முதல் விடையும் இதுவே. மூன்றாம் மாதத்தில் முதலாமவர் 660 ரூபாயைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், 3,500 ரூபாய் கேட்டுக் காத்திருந்தவருக்கு அன்றைக்கு 3,230 ரூபாய்தான் கிடைத்திருக்கும். குறைந்த பணம் யாருக்குப் போக வேண்டியது என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். வங்கிக் கடனில் தவணை தவறினால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நிறுவனத்துக்குத்தான் நட்டம் என்று ஒருவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். இங்கே அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை, ஏனென்றால் பெட்டியில் இருப்பதில் தன் 200 ரூபாயும் சேர்ந்தே கிடக்கிறது.

நான் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்த ஒரு குழுவில், கூட்டம் தொடங்கியதும் எழுதப் படிக்கத் தெரிந்த இளம்பெண் ஒருவர் கடன் பேரேட்டை உரக்கப் படிப்பார். பெயர், வாங்கியது, கட்டியது, மீதி என்று ஒவ்வொரு வரியாகப் படித்து, சம்பந்தப்பட்டவர் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குப் போவார். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தன் மீதி 1,400 என்று படிக்கப்பட்டபோது இல்லை, 700 என்று நிறுத்தினார். முந்திய மாதம் அவர் இரண்டு தவணைகளை ஒன்றாகக் கட்டியதை மற்ற மூவர் நினைவுபடுத்த, அங்கேயே திருத்தி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கட்டியதை மறைக்க முடியாது என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் கட்டாததையும் மறைக்க முடியாது. எனவே உரக்கப் படிப்பதைச் சடங்கு என்று நினைத்துக் கைவிட்டுவிடாதீர்கள்.

வங்கிக்குப் போதல்

ஆறு மாதங்கள் குழு ஒழுங்காக இயங்கியிருந்தால் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆறு மாதம் குழுவின் கணக்குப் புத்தகங்களின்படி எண்ணப்படுகிறது. வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. கிளையிலிருந்து வருபவர் தர மதிப்பீடு செய்யும்போது பார்ப்பது ஐந்து விஷயங்களை: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தொடர்ந்த உள்கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான பதிவேடுகள். இவற்றைப் பஞ்சசூத்திரம் என்பார்கள்.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு, முதல் கடனாகக் குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் குழுவின் 15,058 ரூபாய்க்கு ஆறு மடங்கு 90,348 ரூபாய்தான். ஆகவே ஒன்றரை லட்சத்துக்குத் தகுதி உண்டு. பத்து லட்சம் ரூபாய் வரையிலான குழுக்கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது, கடன் கொடுக்கும்போது வைப்புத்தொகை போடச் சொல்லவும் கூடாது. கடனில் ஒரு பகுதியைப் பிடித்து நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார்கள் என்றால், அது அடமானம்தான். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வழியாகவோ மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திலோ முறையிடுங்கள்.

கடன் குழுவின் பெயரில் வருகிறது என்றாலும், எல்லா உறுப்பினர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். இதன் பொருளைக் கையெழுத்திடும் முன்பே எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். கடனில் ஒரு ரூபாய்கூட வாங்காத உறுப்பினரும் முழுத் தொகைக்கும் சேர்ந்து பொறுப்பாளி ஆகிறார். ஓர் உறுப்பினர் முன்பே தன் சொந்தக் கடனை அந்த வங்கியில் கட்டாமல் விட்டிருந்தால், அதற்காகக் குழுவுக்கே கடனை மறுப்பது முறையன்று. ஆனால் புதிய கடனிலிருந்து அவருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது.

வந்த பணத்தைப் பிரித்தல்

குழுக்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒன்றரை லட்சம் வந்தவுடன் ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் மாடு வாங்க நினைப்பவருக்கு அது போதாது. தேவையே இல்லாதவர் கையில் அது செலவாகிப்போய், பின்பு தவணை மட்டும் மிஞ்சும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொருவரும் எதற்கு, எவ்வளவு, எந்த வருமானத்திலிருந்து கட்டுவார் என்று எழுதும் சிறுகடன் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும்.

நம் குழுவில் ஒன்பது பேர் கேட்கிறார்கள் என்று வைப்போம்: இருவருக்கு 25,000, இருவருக்கு 20,000, இருவருக்கு 15,000, மூவருக்கு 10,000. மூன்று லட்சம் வரையிலான இத்தகைய கடனுக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று வைத்து, 24 மாதத் தவணையில் குழு வங்கிக்கு மாதம் ஏறத்தாழ 6,716 ரூபாய் கட்ட வேண்டும். உறுப்பினர்களிடம் குழு நூற்றுக்கு 1 ரூபாய் மாத வட்டியில், 20 மாதத் தவணையில் வசூலிக்கட்டும். இருபத்தையாயிரம் வாங்கியவர் முதல் மாதம் 1,250 ரூபாய் அசலும் 250 ரூபாய் வட்டியுமாக 1,500 கட்டுவார். பத்தாயிரம் வாங்கியவர் 600 கட்டுவார். ஒன்பது பேரிடமிருந்தும் வருவது 9,000 ரூபாய். வங்கிக்குக் கட்டியது போக 2,284 ரூபாய் குழுவில் நிற்கும்.

இந்த இடைவெளிதான் குழுவைக் காப்பாற்றும் மெத்தை. பதினைந்தாயிரம் வாங்கிய ஒருவரும் பத்தாயிரம் வாங்கிய ஒருவரும் ஒரே மாதத்தில் தவறினால் குறைவது 1,500 ரூபாய்; வங்கித் தவணைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இருபத்தையாயிரக்காரர்கள் இருவரும் ஒன்றாகத் தவறினால் 3,000 குறையும். அப்போது 716 ரூபாய் துண்டு விழும், அதை அம்மாதச் சந்தாவான 2,400 ரூபாயிலிருந்து ஈடுகட்டலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழு தவணை தவறாமல் கட்டுவதுதான் தெரியும். உள்ளே ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் தடுமாறிக்கொண்டுதான் இருப்பார். தடுமாற்றத்தை வங்கிக்குப் போகும் முன்பே உள்ளே வாங்கிக்கொள்ளும் இடம் இருப்பதே கடன் திரும்பி வருவதற்கு இரண்டாவது காரணம். வட்டியில் எதையும் வைக்காமல், வங்கிக்குக் கட்டும் அதே தவணைக் காலத்தையே உறுப்பினர்களுக்கும் கொடுக்கும் குழுவில் இந்த மெத்தை மெலிந்துவிடும்.

மூன்றாவது காரணம் எதிர்காலக் கடன். முதல் கடனை ஒழுங்காக முடித்த குழுவுக்கு அடுத்தது நிதியின் எட்டு மடங்கு அல்லது மூன்று லட்சம், அதற்கடுத்தது ஆறு லட்சம் என்று வளர்கிறது. மீட்டர் வட்டிக்கு வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு, இந்த வாசலை மூடிக்கொள்வது என்பது மீண்டும் அந்த வட்டிக்காரரிடமே போய் நிற்பதாகும். கடன் தொகை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்வதால், ஏமாற்றி ஓடுவதில் கிடைப்பதைவிடக் கட்டிக்கொண்டே இருப்பதில் கிடைப்பது எப்போதும் அதிகமாக இருக்கிறது.

ஒருவர் கட்ட முடியாமல் போகும்போது

முதல் தவணை தவறிய மாதத்திலேயே பேச வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். பிறகு எதுவும் கடினம். கட்ட முடியாதவரையும் கட்ட விரும்பாதவரையும் பிரித்தறிய வங்கியால் முடியாது, உங்களால் முடியும். மாடு செத்துப்போனதும் கணவர் மருத்துவமனையில் இருப்பதும் தெருவுக்கே தெரிந்த செய்திகள். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மூன்று மாதம் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு தவணையைத் தள்ளிவைக்கும் தீர்மானத்தை எழுதுங்கள். வசதி இருந்தும் கட்டாதவரிடம் அபராதமும், அவருடைய சேமிப்பில் கழித்துக்கொள்வதும், அடுத்த சுற்றில் கடன் இல்லை என்பதும் போதுமான நடவடிக்கைகள்.

வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நின்று பாத்திரத்தைத் தூக்கி வருவது, பிள்ளைகள் காதுபடப் பேசுவது போன்றவற்றைச் சில குழுக்களில் பார்த்திருக்கிறேன். இவற்றால்தான் பணம் திரும்புகிறது என்று சொல்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் அது உண்மையன்று. அவமானப்பட்ட குடும்பம் அந்த மாதத் தவணையை வேறொரு நிறுவனத்தில் வாரத் தவணைக் கடன் வாங்கிக் கட்டும். நான்கைந்து மாதத்தில் இரண்டு கடனும் சேர்ந்து அதை ஊரைவிட்டே போக வைக்கும். அப்போது போவது பணம் மட்டுமல்ல. அவர் சார்பில் கையெழுத்திட்ட மற்றவர்களின் சுமையும் ஏறுகிறது.

கெட்டுப்போவதை முன்பே அறிதல்

குழு நோயுறுவது வங்கிக் கணக்கில் தெரிவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே பதிவேட்டில் தெரிந்துவிடும். ஆறு மாதப் பக்கங்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால், அவை தர மதிப்பீட்டுக்கு முதல்நாள் உட்கார்ந்து எழுதப்பட்டவை. சேமிப்பு சேர்ந்துகொண்டே போய் உள்கடன் நின்றிருந்தால், வங்கிக் கடனுக்காக மட்டுமே குழு உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஒருவரின் பழைய கடன் முடிந்த அதே நாளில் அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ புதுக்கடன் எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் பணம் கைமாறியே இருக்காது. நிலுவையை மறைக்கப் புத்தகத்தில் மட்டும் சுழற்றியிருப்பார்கள். ஊக்குநரோ அவருடைய உறவினரோ மற்றவர் பெயரில் வாங்கிய பங்கையும் தாங்களே வைத்திருப்பது இன்னொரு வகை. இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு உறுப்பினரிடமும் அவருடைய பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லி, நீ வாங்கியது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் போதும்.

குழு முறையால் தாங்க முடியாத நிலைகளும் உண்டு. புயல் அல்லது வறட்சி எல்லோருடைய வருமானத்தையும் ஒன்றாக நிறுத்தும்போது மெத்தைக்கு வேலையில்லை. அந்நேரத்தில் ஒருவர் தவணையை இன்னொருவர் தலையில் ஏற்றாமல், குழுவாகக் கிளைக்குப் போய், தீர்மானத்தோடும் பதிவேட்டோடும் தவணைக் காலத்தை மாற்றியமைக்கக் கேட்பதே சரி. கடன் தள்ளுபடி வருகிறது என்ற பேச்சு பரவும்போதும் இதே அபாயம் வேறு முகத்தில் வரும்: மற்றவர் கட்டமாட்டார் என்று நினைத்து ஒவ்வொருவரும் நிறுத்தத் தொடங்குவார்கள். அரசாணை கையில் வரும்வரை வசூலை நிறுத்துவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வைத்திருக்கும் குழுவில், அந்த மாதமும் பேரேடு வழக்கம்போல உரக்கப் படிக்கப்படும்.